விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்

நான் வேலை பார்த்த நிறுவனத்தில் விருப்ப ஓய்வின் இரண்டாவது சுற்றை அறிவித்திருக்கிறார்கள். முதல் சுற்றில் வெளியே வந்தவன் நான். அப்போது எங்களிடம் காட்டிய அதே தாளைத்தான் இப்போதும் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். வேறு நிறுவனத்தில் இருப்பவர்களும் படியுங்கள், இந்த மாதிரித் தாள்கள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வருகின்றன.

அந்தத் தாளில் அடியில் தடித்த எழுத்தில் ஒரு மொத்தத் தொகை இருந்தது. என் 52 மாதச் சம்பளத்துக்குச் சமம். இத்தனை பெரிய தொகையை மொத்தமாகக் கையில் வாங்கியிருக்காத எவருக்கும் அதைப் பார்த்தால் மனசு அசையும். ஆனால் மேலே உள்ள வரிகளைப் பிரித்துப் பார்த்தால், அதில் 16 மாதச் சம்பளம் பணிக்கொடையும் சேர்த்துவைத்த விடுப்புக்கான பணமும். அவை ஏற்கெனவே எனக்குச் சேர வேண்டியவை, விருப்ப ஓய்வு வாங்காமல் சாதாரணமாக ராஜினாமா செய்தாலும் வரும். ஆக, சீக்கிரம் போவதற்காக அவர்கள் உண்மையில் கொடுத்தது 36 மாதச் சம்பளம்தான், அதாவது வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒன்றரை மாதம், 24 ஆண்டுக்கு. அதிலும் "சம்பளம்" என்றால் அடிப்படைச் சம்பளம் மட்டும். எனக்கு அடிப்படை என்பது மொத்தச் சம்பளத்தில் 60 சதவீதம், எனவே மாதாமாதம் வீட்டுக்கு வந்த பணத்தில் வைத்துப் பார்த்தால் அது 22 மாதத்துக்குக்கூட வராது. வரி பிடித்தது தனி.

சரி, இதுவரை உள்ளது தாளைக் கூர்ந்து படித்தால் தெரிந்துவிடும். என்னை உண்மையில் ஏமாற்றியது கீழே இருந்த ஒரு வாக்கியம்: "ஊழியரின் ஓய்வூதிய உரிமை முழுமையாகப் பாதுகாக்கப்படும்." கூட்டத்தில் நான் எழுந்து, 60 வயது வரை இருந்தால் எனக்கு என்ன பென்ஷன் வரும், இப்போது போனால் என்ன வரும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். மனிதவள அதிகாரி, "எதிர்காலச் சம்பளத்தை எங்களால் கணக்கிட முடியாது சார், உங்கள் உரிமை எங்கேயும் போகாது, அதுதான் எழுத்திலேயே இருக்கிறதே" என்றார். வெளியே வந்த பிறகு பென்ஷன் நிதியிலிருந்து கடிதம் வந்தபோதுதான் அந்த "முழுமை" எதுவென்று தெரிந்தது: நான் விலகிய அன்றைய சம்பளத்தில் தொகையை உறைய வைத்துவிட்டார்கள், 60 வயதில் பென்ஷன் தொடங்கும் நாள் வரை அது ஒரு பைசா உயராது.

இது எவ்வளவு பெரிய அடி என்பதைக் கணக்கோடு காட்டுகிறேன். எங்கள் திட்டத்தில் ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் அறுபதில் ஒரு பங்கு பென்ஷன். என் அடிப்படைச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 52 வயதில், 24 ஆண்டு சேவையோடு போனால் பென்ஷன் 40. இன்னும் 8 ஆண்டு இருந்தால் 32 ஆண்டு சேவை, அதாவது சம்பளத்தில் 53. மேலோட்டமாகப் பார்த்தால் 40-க்கும் 53-க்கும் 13-தானே வித்தியாசம் என்று தோன்றும், எங்களில் பலரும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் அந்த 53 என்பது 60 வயதில் வாங்கும் சம்பளத்தில், 40 என்பது இன்றைய சம்பளத்தில். விலைவாசி ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறுகிறது, சம்பளமும் அதே அளவு மட்டும் ஏறுகிறது, பதவி உயர்வே இல்லை என்று வைத்தால்கூட, 8 ஆண்டு கழித்து அந்த உறைந்த 40 வாங்கக்கூடியது இன்றைய 29-க்கு உரிய பொருளைத்தான். இருந்திருந்தால் 53, போனதால் 29. மாதம் 24 நஷ்டம், அதுவும் வாழ்நாள் முழுக்க.

அந்த மாதம் 24-ஐ இன்றைய மொத்தத் தொகையாக மாற்றாமல் ஒப்பிட முடியாது. 60 வயதுக்குப் பிறகு 20 ஆண்டு வாங்குவேன், பென்ஷன் தொடங்கிய பின் விலைவாசிக்கு ஏற்ப உயரும், கையில் உள்ள பணம் விலைவாசியைவிட 2 சதவீதம் கூடுதலாக வளரும் என்று வைத்துக் கணக்குப் போட்டால், இழந்த பென்ஷனின் இன்றைய மதிப்பு சுமார் 40 மாத அடிப்படைச் சம்பளம். நியாயமாகப் பார்த்தால் வேலையில் இருந்திருந்தால் என் பங்காக 6 சதவீதம் சந்தா கட்டியிருப்பேன், 8 ஆண்டுக்கு அது ஏறக்குறைய 6 மாதச் சம்பளம், அதைக் கழித்துவிடலாம். மிச்சம் 34. எனக்குக் கொடுத்தது 36. அதாவது அவர்கள் கொடுத்த மொத்தப் பணமும் பென்ஷனில் விழுந்த ஓட்டையை அடைக்கத்தான் காணும், இழந்த 8 ஆண்டுச் சம்பளத்துக்கு ஈடாக மிஞ்சுவது இரண்டே மாதம். அதைச் சேமிப்பாக நினைத்து யாராவது வீட்டுக் கடனை அடைத்துவிட்டு, நிம்மதி என்று உட்கார்ந்தால், 60 வயதில்தான் பள்ளம் தெரியும்.

அப்புறம், பென்ஷன் விதியில் ஒரே ஒரு வரி மாறினால் கணக்கே மாறிவிடும். விலகிய நாளிலிருந்து 60 வயது வரை அந்த உறைந்த தொகையை விலைவாசியோடு உயர்த்துவார்கள் என்றிருந்தால், 40 என்பது 40 ஆகவே நிற்கும், என் நஷ்டம் 40 மாதச் சம்பளத்திலிருந்து 22 ஆகக் குறைந்திருக்கும். 18 மாதச் சம்பளம் அந்த ஒரு வரியில் இருக்கிறது! அதைப் பற்றிக் கூட்டத்தில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் புகார் எழுதியபோது, விதிப் புத்தகத்தில் இருக்கிறது, நீங்கள் கையெழுத்திட்ட படிவம் அதைக் குறிப்பிடுகிறது என்று பதில் வந்தது. படிவத்தில் விதி எண் இருந்தது உண்மைதான், விதிப் புத்தகத்தை எங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

உங்களுக்குப் பென்ஷன் இல்லை, வைப்பு நிதி மட்டும்தான் என்றால் கணக்கு எளிது. நிறுவனம் உங்கள் பெயரில் கட்டும் பங்கு சம்பளத்தில் 10 சதவீதம், பாக்கி 8 ஆண்டு என்றால், நஷ்டம் சுமார் 10 மாதச் சம்பளமும் அதன் வட்டியும். சேர்ந்த தொகையை எடுத்துச் செலவு செய்யாதவரை பழைய இருப்பு வளர்ந்துகொண்டிருக்கும், அது வேறு விஷயம்.

எல்லோருக்கும் இது மோசமான பேரம் என்று சொல்ல மாட்டேன். வேறு வேலை தயாராக இருந்து, அங்கேயும் பென்ஷன் சந்தா சேர்கிறது என்றால் போவது லாபமாகவே இருக்கலாம். ஓய்வு வயதுக்கு இரண்டு ஆண்டுதான் பாக்கி என்றால் பென்ஷன் இழப்பு சின்னதாகிவிடும். அடிவாங்குவது ஐம்பதை ஒட்டியவர்கள்தான், சேவை கணிசமாகச் சேர்ந்திருக்கும், பாக்கியும் நிறைய இருக்கும்.

இரண்டாவது சுற்றில் இருக்கும் நண்பர்களே, மனிதவளப் பிரிவிடம் கேட்காதீர்கள், பென்ஷன் நிதியின் அறங்காவலர் குழுவுக்கே எழுதுங்கள். விலகும் தேதியில் என் பென்ஷன் எவ்வளவு, 60 வயதில் இன்றைய சம்பளத்தின்படி எவ்வளவு, இடைப்பட்ட காலத்தில் தொகை உயருமா, உயர்ந்தால் எந்த விதியின்படி? பணத்துக்குப் பதிலாகச் சேவைக்காலத்தில் சில ஆண்டுகளைக் கூட்டித் தருவார்களா என்றும் கேளுங்கள். சில திட்டங்களில் தருகிறார்கள். எங்கள் கணக்கில் 5 ஆண்டு கூட்டினால் 24 என்பது 29 ஆகும், பென்ஷன் 40-லிருந்து 48-க்குப் போகும். பதில் எழுத்தில் வரும்வரை, கடைசித் தேதி நெருங்குகிறது என்று எத்தனை முறை போன் வந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.