எட்டு எட்டும், பல் பல ஆகும்: பிறந்தநாள் வாழ்த்தில் எந்தச் சிலேடை நிற்கிறது?

எங்கள் வீட்டில் ஒரே மாதத்தில் இரண்டு பிறந்தநாள். அப்பாவுக்கு எழுபது, அக்கா பையனுக்கு எட்டு. இரண்டு கேக்குக்கும் வாசகம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. வாழ்த்தில் சொல் விளையாட்டு இருக்க வேண்டும், ஆனால் படித்தவர் “அப்படின்னா?” என்று கேட்கக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையை வைத்துக்கொண்டு வகை வகையாக எழுதிப் பார்த்தேன். ஒரே சொல்லில் இரண்டு பொருள் வரும் வகைதான் என் கட்சி என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்பா கேக்குக்கு நான் எடுத்தது வேறு வகை. அதில் பட்டுத்தான் இந்தக் கட்சிக்கு வந்தேன்.

பெயரை வைத்து விளையாடுவது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. மணி என்பவருக்கு அறுபது வந்தால் “இன்றைக்கு மணி அறுபது” என்று எழுதலாம், பக்கத்திலேயே “மணிக்கு மணிவிழா”வும் தயாராக இருக்கிறது. உடனே புரியும். ஆனால் அந்த மணி ஒன்றாம் வகுப்பிலிருந்து “மணி என்ன?” என்று கேட்டுக் கேட்டுச் சலித்தவர். சிரிப்பது சுற்றி நிற்பவர்கள்தான்.

ஆங்கிலச் சொல்லோடு மோத விடுவது அடுத்தது. “பாட்டிக்குப் பார்ட்டி”, “வயசைக் கேக்க மாட்டேன், கேக்கைக் கேப்பேன்.” குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதற்குச் சிரிப்பு பொம்மைகள் கொட்டும். ‘கேட்க’ என்று திருத்தமாக எழுதினால் செத்துவிடும், பேச்சு வழக்கிலேயே எழுத வேண்டும். அவ்வளவுதான் இதில் விஷயம்.

சரி, அப்பா கேக்குக்கு வருகிறேன். ஒரு சொல்லைப் பிரித்தால் வேறு பொருள் தருவதைப் பிரிமொழிச் சிலேடை என்பார்கள். பிரிக்காமலே இரண்டு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை. பிரிமொழியில் பழைய நகைச்சுவை ஒன்று உண்டு. ‘வாழ்த்துகள்’ என்பதற்கு நடுவில் ஒரு க் போட்டால் ‘வாழ்த்துக் கள்’ ஆகிவிடும், குடிக்கிற கள். தமிழாசிரியர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மற்றவர்களுக்கு முதலில் க் வருமா வராதா என்ற வழக்கைச் சொல்லி, அப்புறம் கள்ளைச் சொல்ல வேண்டும். அதற்குள் மெழுகுவர்த்தி உருகிவிடும்.

‘பல்லாண்டு’ அப்படியில்லை என்று நம்பினேன். பல் என்றால் பல என்றும் பொருள், வாயில் இருக்கும் பல்லும் அதுதான். ‘பல்லாண்டு வாழ்க’ எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் பக்கத்தில் ஒரு பல்லைக் காட்டினால் போதும், படிப்பவரே பிரித்துக்கொள்வார். அப்பாவுக்குப் போன வருஷம்தான் கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கியிருந்தார்கள். எனவே நான் எழுதிக் கொடுத்தது: “பல் போனாலும் பல்லாண்டு வாழ்க!”

முதல் அடி அத்தையிடமிருந்து. “நல்ல நாளும் அதுவுமா ‘போனாலும்’னா எழுதுவாங்க?” அவர் சொன்னது நியாயம்தான். பெரியவர்கள் பிறந்தநாளில் போதல், குறைதல், தீர்தல் எதுவும் வாசகத்தில் வரக் கூடாது. “பல்லோடு பல்லாண்டு வாழ்க” என்று மாற்றியிருந்தால் சிலேடையும் பிழைத்திருக்கும், அத்தையும் சும்மா இருந்திருப்பார். அதற்குள் கடையில் எழுதி முடித்துவிட்டார்கள்.

இரண்டாவது அடி கேக் பெட்டியைத் திறந்தபோது. க்ரீமில் எழுதியவர் முதல் புள்ளியை விட்டுவிட்டார். “பல போனாலும் பல்லாண்டு வாழ்க!” எந்த இரண்டு பொருளில் விளையாட நினைத்தேனோ, அந்த இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு புள்ளி. அது போனதும் பல்லைக் காணோம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, “சரியாத்தான் எழுதியிருக்கான், போனது ரெண்டு இல்ல, பலதான்” என்றார். கூட்டம் சிரித்தது. அது அப்பாவின் சமயோசிதம், என் வாசகத்துக்கு அதில் பங்கில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் ‘பல’ என்ன என்று என்னிடம் கேட்டார்கள், நான் விளக்கினேன். நிபந்தனை அங்கேயே உடைந்தது.

பையன் கேக்குக்கு அதனால் செம்மொழிப் பக்கம் போனேன். “ஏழு வயசில் எட்டாதது எட்டு வயசில் எட்டும்!” மூன்றாம் வகுப்புப் பிள்ளை. தானே எழுத்துக் கூட்டிப் படித்து, ஒரு நொடி நின்று, நேராகப் போய் ஃபிரிட்ஜ் மேலே இருந்த சாக்லேட் டப்பாவுக்குக் கையை நீட்டினான். எட்டவில்லை. ஆனால் சிலேடை அவனுக்கு எட்டியிருந்தது.

ஏன் எட்டியது என்று யோசித்தபோதுதான் இந்த வகையிலும் எல்லாமே தேறாது என்று தெரிந்தது. இரண்டு பொருளும் வீட்டுப் பேச்சில் உயிரோடு இருக்க வேண்டும், அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எட்டு என்ற எண்ணை அவன் தினமும் சொல்கிறான், “எட்டுதா?” என்றும் தினமும் கேட்கிறான். திங்களை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை பிறந்த பெண்ணை “திங்களில் வந்த திங்களே” என்று வாழ்த்தினால் நிலா என்ற பொருள் பாடப்புத்தகத்தில்தான் இருக்கிறது, அங்கே போய் எடுத்து வரவேண்டும். பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பா பாடிய காளமேகத்தையே நாம் இன்று உரையோடுதான் ரசிக்கிறோம். கேக்கில் உரை எழுத இடமில்லை.

நடுவில் நிற்கும் சொற்களும் உண்டு. “அம்மா இந்த வீட்டை ஆண்டு முப்பது ஆண்டு” நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பேச்சில் நாம் வருஷம் என்போம். மாலை மாலையோடு வருகிறேன் என்றாலும் அப்படித்தான், வாயில் வருவது சாயங்காலம். இவை அட்டையில் நிற்கும், மைக்கில் சறுக்கும். ‘படி’க்கு இந்தக் கவலையே இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு “வயசு ஒரு படி ஏறியாச்சு, இனியாவது படி!” அரசு ஊழியரான மாமாவுக்கு “வயசோடு படியும் ஏறட்டும்!” அகவிலைப்படி என்று முழுதாகச் சொல்லத் தேவையே இல்லை, அவர் நினைப்பே அதுதான்.

எண்களில் அஞ்சும் நல்ல சரக்கு. “அஞ்சு வயசு ஆச்சு, எதுக்கும் அஞ்சாதே.” ஐந்து என்று எழுதினால் போச்சு. ஆறு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். “ஆறு வயசு ஆறே, ஓடு!” என்பது வரை சரி. வேற்றுமை உருபு சேர்த்தால் எண் ‘ஆறில்’ என்றும் நதி ‘ஆற்றில்’ என்றும் பிரிந்துவிடும். எனவே உருபு ஒட்டாமல் சொல்லை வெறுமனே நிறுத்த வேண்டும். பெரியவர்களுக்கு “எண்பது என்பது வெறும் எண்” இருக்கிறது. கண்டிப்பாகப் பார்த்தால் இது சிலேடையே இல்லை, ண-வும் ன-வும் உரசுகிற ஓசைதான். இதை நான் ஒரே ஒரு தாத்தாவிடம்தான் சோதித்திருக்கிறேன். அவர் சிரித்தார், ஆனால் அவர் எதற்கும் சிரிப்பவர்.

பையனுக்கு அடுத்த வருஷம் ஒன்பது. அதற்கு இதுவரை ஒன்றும் சிக்கவில்லை. அதற்கடுத்த வருஷத்துக்கு எழுதி வைத்துவிட்டேன்: “பத்து வயசுக்கு ஒரு கேக் பத்தாது!”