பக்கத்தைத் திருப்புவதா, வாசகரைத் திருப்புவதா?

மாங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதையைத் தமிழாக்குபவர், முதல் சொல்லை எழுதுவதற்கு முன்பே ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். மூலப் பக்கம் வலமிருந்து இடமாக ஓடுகிறது, தமிழ் வாசகரின் கண்ணோ இடமிருந்து வலமாக ஓடுகிறது.

1980களிலும் 90களிலும் வந்த ஆங்கிலப் பதிப்புகள் பலவற்றில் பக்கம் முழுவதையும் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிடுவார்கள். வாசிப்பு எளிதாகிவிடும், ஆனால் வலக்கையால் வாள் வீசியவன் இடக்கைக்காரனாகிவிடுவான், கடைப் பலகைகளின் எழுத்துகள் இடவலம் மாறிவிடும். இடப்பக்க மடிப்பு மேலே வரும்படி உடுத்த வேண்டிய கிமோனோ வலப்பக்க மடிப்பு மேலே வந்து நிற்கும். ஜப்பானில் பிணத்துக்குத்தான் அப்படி உடுத்துவார்கள்.

படங்களைத் திருப்பாமல் கட்டங்களை மட்டும் வெட்டி இடம் மாற்றும் நடுவழி, கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும் மூன்றிலும் மோசமானது என்பேன். ஒரே கட்டத்தில் வலப்புறம் நிற்கும் தாய் "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறாள், இடப்புறம் நிற்கும் மகன் "பசிக்கவில்லை" என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கட்டம் இடம் மாறினாலும் அதற்குள் இருக்கும் பேச்சுக் குமிழிகள் மாறாததால், மகன் முதலில் பதில் சொல்ல, தாய் பிறகு கேள்வி கேட்பாள்.

ஆகவே பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, முதல் பக்கத்தில் ஓர் அம்புக்குறியால் திசையைச் சொல்வதே என் தேர்வு. குமிழிக்குள் வரிகள் இடமிருந்து வலமாகவும் குமிழிகள் வலமிருந்து இடமாகவும் செல்வது சில பக்கங்களுக்கு உறுத்தும், பிறகு பழகிவிடும். மொழிபெயர்ப்பவர் தம் பிரதியில் வலது மேல் மூலையிலிருந்து குமிழிகளுக்கு எண் இட்டுக்கொள்வது நல்லது. ஐயம் வந்தால் கட்டங்களுக்கிடையே உள்ள வெள்ளை இடைவெளியைப் பார்க்கலாம்: வரிசைகளைப் பிரிக்கும் கிடை இடைவெளி பெரும்பாலும் அகலமாக இருக்கும், ஆதலால் ஒரு வரிசையை முடித்த பிறகே கீழே இறங்க வேண்டும்.

அடுத்த சிக்கல் குமிழியின் வடிவம். ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாக நிற்பதால் குமிழி உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். அதில் "நான் உன்னிடம் அப்போதே சொல்லிக்கொண்டிருந்தேன்" என்பது அடங்காது. எழுத்தைச் சிறிதாக்கினால், காமிக்ஸில் எழுத்தின் அளவே குரலின் அளவு என்பதால், கத்துபவன் முணுமுணுப்பதாகப் படும். குமிழியைப் பெரிதாக்கினால் பின்னணி ஓவியத்தை யாராவது மறைக்கவோ திருத்தி வரையவோ வேண்டும். வாக்கியத்தைச் சுருக்குவதில் இந்த இழப்பு இல்லை, தமிழும் அதற்கு இடம் தருகிறது: வினைமுற்றே ஆளைக் காட்டிவிடுவதால் "நான்" தேவையில்லை, பேச்சு யாரை நோக்கியது என்பது படத்திலேயே தெரிவதால் "உன்னிடம்" தேவையில்லை. "அப்போதே / சொன்னேனே!" என இரண்டு வரிகளில் முடிந்துவிடும், தொடர்ச்சிப் பொருள் சற்றுக் குறைந்தாலும் ஈற்று ஏகாரம் அந்த ஆதங்கத்தைக் காப்பாற்றுகிறது.

அப்படியும் நீளும் சொல்லை உடைக்க நேர்ந்தால் "நம்ப / மாட்டேன்" என்று பொருள் பிரியும் இடத்தில் உடைக்க வேண்டும். மென்பொருளின் போக்கில் விட்டால் "நம்பமாட் / டேன்" என்று வந்து நிற்கும்.