போவோம், போலாம், போறோம்: ஒரு பயண உரையாடலின் இரண்டு வடிவங்கள்

மண்டபத்தில் வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத்துக்காரர்கள் சிலருக்கு மாலை நேரத்தில் தமிழ் பேசச் சொல்லித் தருகிறேன். எதிர்காலத்தையும் 'லாம்', 'ணும்', 'முடியும்', 'கூடாது' போன்ற துணைவினைகளையும் பழக்க, இரண்டு நண்பர்கள் பயணத்துக்குத் திட்டம் போடுவதாக ஓர் உரையாடல் எழுதினேன். அதை நடத்தியபின் வேறொன்று எழுத வேண்டியதாயிற்று. முதல் வடிவம் இது:

சேது: சனிக்கிழமை நாம் தனுஷ்கோடி செல்வோம்.
அன்வர்: சரி, காலையில் செல்வோம். நான் உணவு கொண்டு வருவேன்.
சேது: நாம் கடலில் குளிப்போம்.
அன்வர்: நான் குளிக்க மாட்டேன்.

இலக்கணத்தில் ஒரு பிழையும் கிடையாது. வ், ப்ப் என்ற எதிர்கால இடைநிலைகளும் விகுதிகளும் நாக்கில் உட்கார, முதல் வாரத்துக்கு இதைவிட வசதியான பயிற்சி இல்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் இப்படித் திட்டம் போடும் இரண்டு பேரை நான் பார்த்ததில்லை. எல்லா வாக்கியமும் ஒரே அச்சில் நிற்பதால் யார் யோசனை சொல்கிறார், எப்போது முடிவானது, எது வாக்குறுதி என்பது தெரியவில்லை. இரண்டாவது வடிவம்:

சேது: மாப்ள, சனிக்கிழமை தனுஷ்கோடி போலாமா?
அன்வர்: இந்த வாரம் வேண்டாம்டா, ஆடி அமாவாசை வருது. ராமேஸ்வரத்துல கால் வைக்க இடம் இருக்காது. அடுத்த சனிக்கிழமை போலாம்.
சேது: ரயில்ல போவோமா?
அன்வர்: காத்து ரொம்ப அடிச்சா பாம்பன் பாலத்துல ரயில விட மாட்டாங்க. பஸ்ஸுல போயிருவோம். இருட்டுறதுக்குள்ள திரும்பிரணும்.
சேது: அரிச்சல்முனையில குளிக்கலாமா?
அன்வர்: அங்க குளிக்கக் கூடாது. எனக்கு நீந்தத் தெரியும், ஆனா அந்த இழுப்புல என்னால நீந்த முடியாது. வர்ற வழியில அரியமான்ல குளிக்கலாம்.
சேது: சாப்பாடு கட்டணுமா?
அன்வர்: கட்ட வேண்டியதில்ல. தனுஷ்கோடியில மீன் வறுத்துத் தருவாங்க.
சேது: சரி, அப்ப அடுத்த சனிக்கிழமை போறோம். ஆறு மணிக்கு வந்துருவியா?
அன்வர்: வந்துருவேன்டா.

ஒரே பயணம் இங்கே மூன்று வடிவம் எடுக்கிறது. 'போலாமா' என்பது யோசனை. மற்றவர் மறுக்க இடம் விடுகிறது. கடைசியில் 'போறோம்' என்று நிகழ்காலத்துக்கு மாறும்போது அது முடிவாகிவிட்டது. நாள் குறித்தாகிவிட்ட காரியத்தை நாம் நிகழ்காலத்தில்தான் சொல்கிறோம்: 'நாளைக்கு மதுரை போறேன்', 'தைல கல்யாணம் வைக்கிறோம்'. 'வந்துருவேன்' என்பது வாக்குறுதி. 'வருவேன்' என்றால் வருவது மட்டும்தான். 'வந்துருவேன்', அதாவது வந்துவிடுவேன், என்றால் தவறாமல் வருவேன் என்ற உறுதியும் சேர்கிறது. ஆறு மணிக்கு நிற்க வேண்டிய நண்பன் 'வருவேன்' என்று மட்டும் சொன்னால், 'என்னடா இழுக்கிற?' என்று கேட்பார்கள்.

முதல் வடிவத்தின் 'செல்வோம்' முழுக்கத் தவறும் அல்ல. தன்மைப் பன்மையில் மட்டும் எதிர்காலமே அழைப்பாகவும் வரும்: 'வா, போவோம்.' 'போலாம்' என்பதைவிட இதில் கொஞ்சம் அழுத்தம் அதிகம், ஏற்கெனவே காலெடுத்து வைத்த மாதிரி. அதனால்தான் இரண்டாவதில் ரயிலா பஸ்ஸா என்ற பேச்சில், போவது ஓரளவு உறுதியான பிறகு, 'போவோமா' வருகிறது. ஒருமைக்கு இந்தச் சலுகை கிடையாது. 'நான் போவேன்' என்றால் பயணத் திட்டமாகக் காதில் விழாது; பிடிவாதமாகவோ வழக்கமாகவோதான் விழும். 'அப்பா தினமும் விடியக்காலம் கடலுக்குப் போவார்' என்பதில் எதிர்காலமே இல்லை, பழக்கம்தான் இருக்கிறது.

இரண்டு வடிவங்களுக்கும் பெரிய இடைவெளி எதிர்மறையில். முதல் வடிவத்தில் 'மாட்டேன்' ஒன்றுதான் உண்டு. அதைப் படித்த ஒடிசா இளைஞர் ஒருவர், வீட்டுக்கார அம்மா விருந்துக்குக் கூப்பிட்டபோது, அன்று இரவு வேலை இருந்ததால், 'நான் வர மாட்டேன்' என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. அவர் சொல்ல நினைத்தது 'என்னால வர முடியாதுக்கா, வேலை இருக்கு' என்பது. 'மாட்டேன்' மனம் இல்லை என்கிறது, 'என்னால முடியாது' வழி இல்லை என்கிறது. அந்த 'என்னால'வை விட்டுவிட்டு 'வர முடியாது' என்று வெட்டிச் சொன்னால் அதுவும் மறுப்பாகவே கேட்கும் என்பதை அடுத்த வகுப்பில் சேர்த்துச் சொன்னேன். பாடம் அரைகுறையாக இருந்ததற்கு அவர் என்ன செய்வார், பிழை என்னுடையது.

'கட்டணுமா?' என்ற கேள்விக்கு மூன்று மறுப்பு சொல்லலாம், மூன்றும் வேறு வேறு. 'கட்ட வேண்டியதில்ல' என்றால் தேவையில்லை, கட்டினாலும் தப்பில்லை. 'கட்ட வேண்டாம்' என்றால் கட்டாதே என்று கேட்டுக்கொள்வது. 'கட்டக் கூடாது' என்றால் தடை. இதைக் குழப்பினால் கடற்கரையில் ஆபத்து. அரிச்சல்முனையில் 'குளிக்க வேண்டியதில்ல' என்று ஒருவர் எச்சரித்தால், விருப்பமிருந்தால் குளிக்கலாம் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

நீச்சலை உரையாடலுக்குள் கொண்டுவந்ததும் இதற்காகத்தான். 'எனக்குத் தெரியும்' என்பது கற்ற வித்தை, 'என்னால முடியும்' என்பது அந்த இடத்தில், அந்த நேரத்தில் உள்ள வலு. வித்தைக்கு 'எனக்கு', வலுவுக்கு 'என்னால'. இரண்டையும் ஒரே மூச்சில் அன்வர் சொல்லும்போது வேற்றுமை உருபு தானாகப் பதிகிறது. தனித்தனி வாக்கியமாக எழுதிப் போட்டபோது 'எனக்கு முடியும்' என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

இன்னொரு பிழையும் இரண்டாவது வடிவத்தில் தானாக வெளியே வந்தது. 'விட மாட்டாங்க' கற்றதும் 'ரயில் வர மாட்டாது' என்று ஆரம்பித்தார்கள். இன்றைய பேச்சில் மாட்டேன், மாட்டார் எல்லாம் ஆட்களுக்கு. ரயில், மழை, காற்று எல்லாம் வராது, பெய்யாது, அடிக்காது. 'இடம் இருக்காது' என்ற வரியைக் காட்டித் திருத்த முடிந்தது.

இரண்டாவதில் குறையும் உண்டு. 'திரும்பிரணும்', 'வந்துருவியா' என்ற பேச்சு உருவங்களைப் பார்த்தால் 'திரும்பிவிட வேண்டும்', 'வந்துவிடுவாயா' என்ற எழுத்து உருவம் புதியவருக்குத் தெரியாது. பேருந்து நிலைய அறிவிப்பையோ செய்தித்தாளையோ படிக்க நினைப்பவருக்கு அது வேண்டும். நான் ஒவ்வொரு வரிக்கும் கீழே எழுத்து வடிவத்தைச் சின்னதாகக் கொடுக்கிறேன், மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை.

அடுத்த பயிற்சிக்கு மாதத்தை மட்டும் மாற்றுகிறேன். ஆடியில் தென்மேற்குக் காற்று. மன்னார் வளைகுடா பக்கம் கொந்தளிக்கும், பாக் விரிகுடாப் பக்கமுள்ள அரியமான் அமைதியாக இருக்கும். ஐப்பசி கடைசியில், வாடைக்காற்று பிடித்த பிறகு, அரியமான் பக்கம் அலை எழும்பும். அப்போது உரையாடலில் எந்த 'லாம்' 'கூடாது' ஆகும், எந்த 'இருக்கும்' 'இருக்காது' ஆகும் என்று அவர்களே மாற்றி எழுத வேண்டும். விருந்துக்கு 'மாட்டேன்' சொன்ன அதே இளைஞர் அன்வருக்கு எழுதிய புது வரி: 'மழ வந்தாலும் வரும்டா, குளிக்க வேண்டாம், மீன் மட்டும் சாப்பிட்டுட்டு வந்துருவோம்.'