ஒரு வாரத் திருவிழாவும் அழியாத பட்டியலும்: இன்டி கேம் தேடிய அனுபவம்

நெல்லிக்குப்பத்தில் இருக்கும் என் சித்தப்பா மகன் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டான்: "அண்ணா, பெரிய கேம் எல்லாம் மூவாயிரம் நாலாயிரம் விலை சொல்றான், என் லேப்டாப்பிலும் ஓடாது. நீங்க மட்டும் யாருமே கேள்விப்படாத நல்ல கேமா எங்கிருந்து பிடிக்கிறீங்க?" அவனுக்குத் தொலைபேசியில் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. கடலூர், புதுச்சேரிப் பக்கம் இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று பெரிய நிறுவனங்களைச் சாராத தனி ஆட்களும் சிறு குழுக்களும் செய்யும் இன்டி கேம்களை நான் தேடும் வழியை இங்கே விரிவாக எழுதுகிறேன். ஸ்டீம் கணக்கு வைத்திருப்பது, டெமோ இறக்குவது போன்ற அடிப்படைகள் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பல ஆண்டுகளாக என் முதன்மையான வழி ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட்தான். பிப்ரவரி, ஜூன், அக்டோபர் என ஆண்டுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு வாரம், இன்னும் வெளியாகாத கேம்களின் டெமோக்களை இலவசமாக விளையாடலாம். அமெரிக்க மேற்குக் கரையில் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கும் இந்த விழா, நமக்கு ஜூனில் இரவு 10.30 மணிக்கும் பிப்ரவரியில் 11.30 மணிக்கும் திறக்கும். அண்மைக் காலத்தில் ஒரு விழாவுக்கு 2,000-க்கும் மேற்பட்ட கேம்கள் வருகின்றன. அத்தனையும் ஒரே வாரத்தில் என்பதுதான் இதன் அழகு, இதன் தொல்லையும் அதுவேதான்.

முகப்பில் கண்ணில் படுபவை பெரும்பாலும் அதிகம் பேர் விளையாடியவையும் அதிகம் பேர் விஷ்லிஸ்டில் சேர்த்தவையும்தான். ஏற்கெனவே பெயர் பெற்றவற்றுக்கே இந்த வரிசை மேலும் பெயர் சேர்க்கிறது. ஆகவே நான் அவற்றைத் தொடாமல் நேரே வகைப்பிரிவுக்குப் போய்விடுவேன். "புதிர்" என்று ஒரு டேக்கை மட்டும் தேர்ந்தெடுத்தால் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும். அதனுடன் "துப்பறிதல்" அல்லது "கையால் வரைந்தது" என்று இரண்டாவது டேக்கைச் சேர்த்தால், ஒரு மாலைப்பொழுதில் பார்த்து முடிக்கக்கூடிய அளவுக்குப் பட்டியல் சுருங்கும். அதில் முன்னோட்டப் படத்தை நம்பாமல், கேம் உண்மையில் ஓடும் காட்சி முதல் பத்து நொடிக்குள் வருகிறதா என்று பார்ப்பேன். வெறும் கதாபாத்திரமும் இசையும் மட்டும் காட்டி, கை என்ன செய்யப்போகிறது என்பதைக் காட்டாத முன்னோட்டம் என்றால் அந்த டெமோவை நான் இறக்குவதில்லை.

டெமோ கைக்கு வந்த பிறகு எதைப் பார்க்க வேண்டும் என்பது வகைக்கு வகை மாறும். இதை யாரும் தெளிவாகச் சொல்லித் தருவதில்லை. புதிர் கேமின் டெமோ பெரும்பாலும் உண்மையே பேசும். முதல் நான்கைந்து புதிர்களில், ஒரு விதியை எழுத்தில் விளக்காமல் புதிரைக் கொண்டே கற்றுத்தரத் தெரிந்தவர், நாற்பதாவது புதிரிலும் பெரும்பாலும் ஏமாற்றமாட்டார். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் குலுக்கிப் போட்டு, செத்துச் செத்து ஆடும் ரோக்லைக் வகையில் டெமோவை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் முதல் அரைமணி நேரத்தில் எல்லா ரோக்லைக்கும் நன்றாகத்தான் இருக்கும். கிடைக்கும் ஆயுதங்களும் எதிரிகளும் திரும்பத் திரும்ப வரத் தொடங்கும்போதுதான் சரக்கு எவ்வளவு என்று தெரியும், அந்த இடத்துக்கு முன்பே டெமோ முடிந்துவிடும். கதை கேமில் எழுத்து நடையை டெமோ காட்டிவிடும். முடிவு தேறுமா என்பதைக் காட்டாது.

எந்த வகையாக இருந்தாலும் நான் தவறாமல் திறந்து பார்ப்பது அமைப்புகள் பக்கத்தைத்தான். எழுத்தின் அளவைப் பெரிதாக்கலாமா, விசைகளை மாற்றலாமா, ஒலிகளைத் தனித்தனியே குறைக்கலாமா என்று டெமோவிலேயே யோசித்திருப்பவர், தன் கேமைத் தனக்கு அறிமுகமில்லாதவர்கள் கையில் கொடுத்து ஆடவிட்டுப் பார்த்திருக்கிறார் என்று பொருள். பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருபது நிமிடம் ஆடி, மின்விசிறி இரைகிறதா, காட்சி திக்குகிறதா என்று பார்த்துவிடுங்கள், நம் ஊர் மே மாத வெயிலில் இந்தச் சோதனை இன்னும் கடுமையாக அமையும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் ஒரு கேம் ஓடுமா என்பதற்கு, அதன் பக்கத்தில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலைவிட டெமோ நேர்மையான சான்று.

இவ்வளவு நல்லதைச் சொன்ன பிறகு, எத்தனை ஆண்டுகளானாலும் எனக்கு ஆறாத எரிச்சலையும் சொல்லியாக வேண்டும். விழா முடிந்ததும் டெமோ காணாமல் போகிறது. எல்லா டெமோவும் போவதில்லை, உருவாக்குநர் விரும்பினால் வைத்திருக்கலாம், விரும்பினால் எடுத்துவிடலாம் என்பதுதான் ஏற்பாடு. ஒரு கேம் ஒரே ஒரு நெக்ஸ்ட் ஃபெஸ்டில்தான் கலந்துகொள்ள முடியும் என்பதால், தவறவிட்ட டெமோ அடுத்த விழாவில் வருமே என்று காத்திருக்கவும் வழியில்லை. சென்ற முறை நான் மிகவும் ரசித்த ஒரு புதிர் கேமை இதே தம்பியிடம் சொன்னேன். அவன் வீட்டில் கம்பி இணைப்பு இல்லை, கைப்பேசி டேட்டாவில்தான் இறக்க வேண்டும், அதற்கு அன்றாட அளவு உண்டு. அவன் வரிசை வைத்து அதை எட்டியபோது பக்கத்தில் டெமோ பொத்தானே இல்லை. அரைகுறையான டெமோ பல மாதம் கிடந்தால் அதை வைத்தே முழு கேமையும் எடைபோட்டுவிடுவார்கள் என்ற உருவாக்குநரின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நல்ல இணைய வசதி உள்ளவரும் அந்த ஒரு வாரம் ஓய்வாக இருப்பவரும் மட்டும் சோதித்துப் பார்க்கலாம், மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டும் என்றால், டெமோ என்ற ஏற்பாட்டின் நோக்கமே கெட்டுப்போகிறது.

இந்த எரிச்சல்தான் என்னை அழியாத பட்டியல்களின் பக்கம் திருப்பியது. அவற்றில் நான் முதலில் வைப்பது இன்டிபென்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவல், சுருக்கமாக ஐ.ஜி.எஃப். சான் பிரான்சிஸ்கோவில் கேம் உருவாக்குநர் மாநாட்டை ஒட்டி விருது வழங்கும் இந்த விழாவின் இறுதிச்சுற்றுப் பட்டியல்கள் ஆண்டுவாரியாக இணையத்தில் இருக்கின்றன. 2024-இல் இதன் தலையாய பரிசை வென்றது, கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை மையமாகக் கொண்ட "வெண்பா" என்பதை நம்மில் பலர் அறிவோம். ஆனால் வென்றவற்றை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில் புதையல் இருப்பது ஒவ்வொரு பிரிவின் அடியிலும் Honorable Mentions என்ற தலைப்பில் வரும் பெயர்களில்தான். நடுவர்கள் ஆடிப் பார்த்து, விட மனமில்லாமல் குறித்து வைத்த பெயர்கள் அவை, பெரும்பாலும் விளம்பரமே இல்லாதவை.

இன்னொரு நன்மை, வெளியாகாத கேம்களும் இதில் போட்டியிடலாம். "பாபா இஸ் யூ" இந்த வழிக்கு நல்ல உதாரணம். பின்லாந்தைச் சேர்ந்த ஆர்வி டெய்காரி 2017-இல் நார்டிக் கேம் ஜாம் போட்டிக்காகச் செய்த சிறு புதிர் இது. அந்தப் போட்டியை வென்றது. அடுத்த ஆண்டு ஐ.ஜி.எஃப்-இல் சிறந்த வடிவமைப்பு, சிறந்த மாணவர் கேம் என இரண்டு விருதுகள் பெற்றது. முழு கேம் வெளியானது 2019 மார்ச்சில்தான். அதாவது பட்டியலைப் பார்த்தவர்களுக்கு, கடைக்கு வருவதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே இதன் பெயர் தெரிந்திருந்தது.

முக்கியமானது, அந்தப் போட்டிக்காகச் செய்த முதல் வடிவம், சிறு உருவாக்குநர்கள் தங்கள் கேம்களைப் பகிரும் இட்ச்.ஐஓ தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் திறந்தால் திரையில் விதிகளே கட்டைகளாகக் கிடக்கும்: BABA IS YOU, WALL IS STOP, FLAG IS WIN. கட்டைகளைத் தள்ளலாம். WALL IS STOP என்ற வரிசையிலிருந்து ஒரு கட்டையை விலக்கிவிட்டால் சுவர் வெறும் படமாகிவிடும், அதன் ஊடே நடந்து போகலாம். BABA இருந்த இடத்தில் ROCK கட்டையை வைத்தால், பாறைகள் அனைத்தும் உங்கள் விசைக்கு அசையத் தொடங்கும். ஐந்து நிமிடத்தில் இது பிடிபடும். ஒரே ஒரு கருத்து, அது எத்தனை பக்கம் திரும்பக்கூடியது என்பது கையிலேயே தெரிந்துவிடும். முழு கேமில் இருக்கும் 200-க்கும் மேற்பட்ட புதிர்களை அந்தச் சிறு வடிவம் காட்டாதுதான், ஆனால் அத்தனை புதிர்களைத் தாங்கும் வலு அந்தக் கருத்துக்கு உண்டா என்பதை எந்த விழா டெமோவையும்விடத் தெளிவாகக் காட்டும். "செலஸ்ட்" கேமுக்கும் இப்படி ஒரு மூலவடிவம் உண்டு. சிறு கேம்கள் செய்வதற்கான பிக்கோ-8 என்ற மென்பொருளில் நான்கே நாளில் செய்த அது, இன்றும் உலாவியிலேயே ஓடும்.

ஸ்டீமில் கேம்களைத் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைப்பவர்களான க்யூரேட்டர்களின் பட்டியல்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு க்யூரேட்டர் "பரிந்துரைக்கவில்லை" என்று எத்தனை கேம்களுக்குப் போட்டிருக்கிறார் என்று முதலில் பாருங்கள். எதையுமே மறுக்காதவரின் பட்டியல் விளம்பரத்துக்குச் சமம்.

தம்பிக்கு நான் சொல்லும் தீர்ப்பு இதுதான். நெக்ஸ்ட் ஃபெஸ்டை இத்தனை பாராட்டிய நானே, அதிலிருந்து தொடங்காதே என்கிறேன். ஒரு வாரத்தில் கதவு சாத்தப்படும் இடத்தில், டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிப்பவன் நிம்மதியாகத் தேட முடியாது. ஐ.ஜி.எஃப் பட்டியலில் நான்கைந்து ஆண்டுகள் பின்னோக்கிப் போய், அடியில் இருக்கும் பெயர்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இட்ச்.ஐஓவில் இலவச மூலவடிவமோ டெமோவோ இருக்கிறதா என்று தேடு. பழைய கேம்கள் என்பதால் தள்ளுபடியில் விலையும் இறங்கியிருக்கும். டெமோவே கிடைக்காத கேம் என்றால், வாங்கிய பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் "வெண்பா"வை இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே முடித்துவிடலாம். அதுபோன்ற குறுங்கேமை முழுதாக ஆடி ரசித்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்காதே.