சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜுக்கு கேஸ் போடுபவர் தராசு கொண்டுவந்தாரா?

190 லிட்டர் சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் ஒன்று. பின்பக்க ஸ்டிக்கரில் கேஸ் R134a, அளவு 90 கிராம் என்று அச்சிட்டிருக்கிறது. கேஸ் போட வந்தவர் பிரஷர் கேஜை மாட்டி, முள்ளைப் பார்த்துப் பார்த்து சிலிண்டரைத் திறந்துவிட்டார். "ஃபுல்லா போட்டாச்சு சார், இனிமே சூப்பரா கூலிங் வரும்" என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் சக்‌ஷன் பைப்பில் வெள்ளையாகப் பனி. மோட்டார் நிற்கும்போதெல்லாம் அது உருகித் தரையில் தண்ணீர். கம்ப்ரசர் கை வைக்க முடியாத சூடு. கூலிங்கோ முன்பைவிட மோசம்.

அடுத்து வந்த மெக்கானிக் கேஸை காலி சிலிண்டருக்கு இழுத்து எடை போட்டார். 120 கிராமுக்கு மேல் இருந்தது.

முப்பது கிராம்தானே என்று தோன்றும். ஆனால் இந்த ஃப்ரிட்ஜில் இருப்பது கேபிலரி: ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளையுள்ள, ரெண்டு மூணு மீட்டர் நீளச் செம்புக் குழாய். அதற்குத் திறக்கவும் மூடவும் தெரியாது. கூடுதல் கேஸைத் தேக்கி வைக்க ரிசீவர் டேங்கும் கிடையாது. ஆகவே மிச்சம் எல்லாம் ஃப்ரீசரில் குளிர் தரும் எவாப்பரேட்டரில் ஆவியாகி முடியாமல், திரவமாகவே சக்‌ஷன் பைப் வழியாக கம்ப்ரசர் வரை வந்துவிடுகிறது. ஆயில் நீர்த்துப்போகும், வால்வு அடிவாங்கும்.

பெரிய கோல்டு ரூமில் கேபிலரியின் வேலையைச் செய்யும் எக்ஸ்பான்ஷன் வால்வு வேறு ஜாதி. எவாப்பரேட்டர் வெளிவாயில் கட்டியிருக்கும் சென்சார் பல்ப் அங்குள்ள வெப்பத்தை உணர்ந்து, வால்வைக் கூட்டிக் குறைக்கும். மிச்சம் ரிசீவரில் தங்கும். மூணு கிலோ கேஸ் உள்ள அந்த சிஸ்டத்தில் 30 கிராம் ஏறினாலும் இறங்கினாலும் எதுவும் தெரியாது. பைப்பில் உள்ள சைட் கிளாஸ் என்ற கண்ணாடி ஜன்னலில் குமிழி மறையும்வரை போடுகிற பழக்கம் அங்கே செல்லும். அதே கையை 90 கிராம் ஃப்ரிட்ஜில் காட்டினால் மூன்றில் ஒரு பங்கு தப்பு.

கேஜ் முள் ஏன் போதாது? உள்ளே சூடாக இருக்கும்போது காட்டும் பிரஷர் வேறு, குளிர்ந்தபின் வேறு. ஓஸ் பைப்புக்குள்ளேயே சில கிராம் நிற்கும். அதனால் லீக்கை அடைத்து, ஃபில்டர் டிரையரை மாற்றி, பம்ப் வைத்து வேக்கம் எடுத்து, ஒரு கிராம் துல்லியமுள்ள தராசில் சிலிண்டரை வைத்து, ஓஸில் நிற்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் போட வேண்டும். R600a என்றால் இன்னும் கறார்: மொத்தமே 40, 50 கிராம்தான், அதுவும் தீப்பிடிக்கிற கேஸ்.

குறைவாகப் போட்டாலும் தெரியும். ஃப்ரீசரில் கேஸ் நுழையும் பக்கம் மட்டும் பனி கட்டும், மீதி வெறுமையாக இருக்கும், மோட்டார் நிற்காது. கேபிலரி பாதி அடைத்தாலும் இதே பனிதான், அதனால் "கேஸ் கம்மி" என்று உடனே ஏற்றிவிடக் கூடாது. மோட்டாரை நிறுத்திப் பாருங்கள்: ரெண்டு பக்க பிரஷரும் சமமாக வழக்கத்தைவிட ரொம்ப நேரம் எடுத்தால் அடைப்பு என்று சந்தேகப்படலாம்.

வேலை முடிந்து நிதானமாக ஓடுகிற ஃப்ரிட்ஜில், கம்ப்ரசர் பக்கத்து சக்‌ஷன் பைப் ஏறக்குறைய அறைச் சூட்டில், பனியில்லாமல் இருக்கும். பில்லில் எத்தனை கிராம் என்று எழுதச் சொல்லுங்கள்; எழுத மறுத்தால் அவரிடம் தராசு இல்லை.