பாம்புக்கடி: ஊரில் நான் பார்த்த முதலுதவியும் சிகிச்சையும்

தமிழ்நாட்டில் எங்கள் ஊருக்கு விடுமுறையில் சென்றிருந்தபோது, பொழுது சாயும் நேரத்தில் வரப்பில் நடந்து வந்த சித்தப்பாவைக் கணுக்காலுக்குச் சற்று மேலே பாம்பு கடித்துவிட்டது. 108 ஆம்புலன்ஸும் அரசு மருத்துவமனையும் தம் பங்கைச் சரியாகவே செய்தன. ஆனால் ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பு நாம் செய்வதும் செய்யாமல் விடுவதும்தான் மருத்துவரின் வேலையை எளிதாக்குகிறது அல்லது கடினமாக்குகிறது என்பதை அங்கே கண்கூடாகப் பார்த்தேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் அக்கம்பக்கத்தார் பதற்றத்தில் முழங்காலுக்குக் கீழே துண்டை முறுக்கி இறுக்கமாகக் கட்டியிருந்தார்கள். ஒருவர் பிளேடு தேடிக்கொண்டிருந்தார். இன்னொருவர் பாம்பை அடிக்கப் புதருக்குள் கம்பை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். கடிவாயைக் கீறினால் விஷம் வெளியேறாது. விரியன் விஷம் இரத்தத்தை உறையவிடாமல் செய்வதால், கீறிய இடத்திலிருந்து இரத்தம் நிற்காமல் வழிவதுதான் மிச்சம். வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, பச்சிலை அரைத்துக் கட்டுவது எல்லாமே நேரத்தை விழுங்குபவை.

108-ஐ அழைத்தபோது எதிர்முனையில் பேசியவர், அவரை நடக்க விடாதீர்கள் என்பதைத்தான் முதலில் சொன்னார். விஷத்தின் பெரும்பகுதி தசைகள் சுருங்கி விரியும்போது நிணநீர் வழியாக மேலேறுகிறது. ஆகவே கால் அசையாமல் இருந்தால் அது பரவும் வேகம் குறையும். சித்தப்பாவை அங்கேயே படுக்க வைத்து, எலும்பு முறிந்த காலுக்குச் செய்வதுபோல இரண்டு பக்கமும் மட்டை வைத்து, துணியால் தளர்வாகச் சுற்றினோம். வீக்கம் ஏறினால் கழற்ற முடியாமல் இறுக்கும் என்பதால் கால் மெட்டியோ கொலுசோ, கை மோதிரமோ இருந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதினேன். அரை மணி நேரத்தில் வீக்கம் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்ததை மருத்துவர் ஒரே பார்வையில் கண்டுகொண்டார்.

இறுகிய துண்டுக்கட்டை உடனே அவிழ்த்துவிட எனக்குக் கை துடித்தது. ஆனால் ஆம்புலன்ஸில் வந்த மருத்துவ உதவியாளர் அதைத் தொட வேண்டாம் என்றார். இறுக்கமாகக் கட்டினால் காலுக்கு இரத்தம் போகாமல் சதை அழுகக்கூடும். அதைத் திடீரென அவிழ்த்தாலோ தேங்கி நிற்கும் விஷம் ஒரே வீச்சில் உடலுக்குள் பாயும். மருத்துவமனையில் நரம்பு ஊசி போட்டு, விஷமுறிவு மருந்து ஏறத் தொடங்கிய பிறகே மருத்துவர் அதை மெல்ல மெல்லத் தளர்த்தினார். கட்டாமலே விட்டிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

பாம்பைக் கொண்டுவரவில்லையே என்று சித்தி கலங்கியபோது, அது தேவையில்லை என்றார் மருத்துவர். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் இந்தியாவில் தரப்படுகிறது. விஷம் ஏறியிருக்கிறதா என்பதை அவர் மிக எளிய சோதனையால் அறிந்தார். சுமார் 2 மில்லி இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்தார். பிறகு குழாயைச் சாய்த்தபோது, கட்டியாக நிற்க வேண்டிய இரத்தம் தண்ணீர்போல ஓடியது. அதுவே போதுமான சான்று என்று, 10 குப்பி மருந்தைச் சலைனில் கலந்து சுமார் ஒரு மணி நேரத்தில் ஏற்றினார்கள். இந்த மருந்தால் சிலருக்கு ஒவ்வாமை வரலாம் என்பதால் அட்ரினலின் ஊசியைப் பக்கத்திலேயே தயாராக வைத்திருந்தார்கள். சித்தப்பாவுக்கு உடம்பெங்கும் தடிப்பு கிளம்பியதும் மருந்தை நிறுத்தி, அந்த ஊசியைப் போட்டு, தடிப்பு அடங்கிய பின் மீண்டும் தொடர்ந்தார்கள். 6 மணி நேரம் கழித்து அதே குழாய்ச் சோதனையைச் செய்தார்கள். இம்முறை இரத்தம் உறைந்தது.

வெளிநாட்டிலிருந்து வருவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வலி இல்லை, வீக்கம் இல்லை என்பதற்காக வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. கட்டுவிரியன் இரவில் தூங்குபவரைக் கடித்தால் தடமே தெரியாமல் போகலாம். காலையில் வயிற்றுவலி, இமை தொங்குவது, பேச்சுக் குழறுவது எனத் தொடங்கி மூச்சே நின்றுவிடக்கூடும். அப்படிப்பட்டவருக்கு மருந்தோடு செயற்கைச் சுவாசக் கருவியும் தேவைப்படும். ஆகவே எந்தப் பாம்பு கடித்தாலும், கடித்ததா என்ற சந்தேகம் இருந்தாலும், மருத்துவமனையில் குறைந்தது 24 மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். வலிக்கு ஆஸ்பிரின் தருவதும் கூடாது. அது இரத்தக் கசிவை அதிகமாக்கும்.

வீடு திரும்பும் முன், சிறுநீரின் அளவு குறைந்தாலோ நிறம் கருத்தாலோ உடனே வரச் சொன்னார்கள். விரியன் விஷம் சிறுநீரகத்தையும் தாக்கும் என்பதால் அதற்கான இரத்தப் பரிசோதனைக்கும் நாள் குறித்துக் கொடுத்தார்கள்.