பின்தலை ஊசியா, போடாக்ஸா?

கடலூர் முதுநகரில் இருக்கும் என் அக்காவுக்கு மாதத்தில் 18 நாள் ஒற்றைத் தலைவலி. புதுச்சேரியில் முதலில் பின்தலை நரம்பில் மரப்பு ஊசி போட்டார்கள். கால் மணி நேரத்தில் உச்சந்தலை வரை மரத்தது. மருந்து சரியாக இறங்கியதற்கு அதுதான் அடையாளம். கழுத்து நரம்பும் முகத்தின் உணர்வு நரம்பும் மூளைத்தண்டில் ஒன்றுசேர்வதால், கண்ணுக்குப் பின்னால் இருந்த வலியும் அடங்கியது. ஆனால் மூன்றே வாரம், திரும்பிவிட்டது.

அப்புறம் தசையைத் தளர்த்தும் மருந்தான போடாக்ஸ் ஊசி: நெற்றி முதல் தோள் வரை 31 இடங்களில் 155 யூனிட், 12 வாரத்துக்கு ஒருமுறை. நரம்பு நுனிகள் வலியைத் தூண்டும் பொருள்களை வெளிவிடுவதை அது தடுக்கிறது. பலன் மெதுவாகத்தான் வரும். முதல் சுற்றில் அக்காவுக்குக் கழுத்து தளர்ந்தது, பாவம், இரண்டு வாரம் சிரமப்பட்டார். மூன்றாம் சுற்றில் வலி 9 நாளாகக் குறைந்தது.

விடாத வலியை உடனே அடக்க நரம்பு ஊசி, நீண்ட நாள் தடுப்புக்கு போடாக்ஸ் என்றே நான் சொல்வேன். மாதம் 15 நாளுக்குக் குறைவாக வலி வருபவர்களுக்கு போடாக்ஸ் பலன் தருவதாக நிரூபணமாகவில்லை.